இளையராஜாவின் திருவாசகம் (2005): சும்மா கேட்கிறவர்கள் எங்கே தொடங்கலாம்?

வைகைக்கரை

இந்த ஆல்பத்தைக் கையில் எடுத்தவர்களில் பலர் இரண்டாவது பாட்டிலேயே நின்றுவிட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பாட்டு ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். பல்லவி திரும்பி வரும், நாலரை நிமிடத்தில் முடியும் என்று பழகிய காது, பாதி வழியிலேயே மொபைலைத் தடவ ஆரம்பித்துவிடும். இதைப் பற்றி வந்த எழுத்துகளோ ஒன்று தலையில் தூக்கிவைத்து ஆடுகின்றன, இல்லையென்றால் இசை படித்தவர்களுக்கு மட்டும் பேசுகின்றன. ராகம், சுரம் எதையும் தொடாமல் எழுதிப் பார்க்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: 2005இல் தமிழ் மையம் வெளியிட்டது. மொத்தம் ஆறு பாட்டு. சொற்கள் மாணிக்கவாசகருடையவை. அவர் நம்ம மேலூர் பக்கம் திருவாதவூர்க்காரர். இசையமைத்தவர் பண்ணைப்புரத்துக்காரர், அவர் பிறந்தபோது அந்த ஊரும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. வாத்தியங்களை வாசித்தது ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. இரண்டாவது பாட்டில் வரும் ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கர்.

என் யோசனை, வரிசைப்படி கேட்காதீர்கள். கடைசிப் பாட்டில் தொடங்குங்கள். 'புற்றில்வாழ் அரவும் அஞ்சேன், பொய்யர்தம் மெய்யும் அஞ்சேன்' என்று ஆரம்பிக்கும். உரை எதுவும் தேவைப்படாது. புற்றுப் பாம்புக்குப் பயமில்லை, பொய்யர்கள் சொல்லும் மெய்க்கும் பயமில்லை என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில்தான் எதற்குப் பயம் என்று சொல்வார். ஒவ்வொரு பாடலும் 'அம்ம நாம் அஞ்சுமாறே' என்றுதான் முடியும். சினிமாப் பல்லவிக்குப் பழகிய காதுக்கு அந்த முடிவு ஒரு பிடி கொடுக்கும். பாட்டு எங்கே இருக்கிறது என்று தொலைந்து போகமாட்டீர்கள்.

அடுத்து நான்காவது, 'உம்பர்கட்கரசே'. இது 'சிக்கெனப் பிடித்தேன், எங்கெழுந்தருளுவது இனியே' என்று முடியும் பதிகம். பிடித்துக்கொண்டேன், இனி எங்கே போவாய் என்று சாமியையே மடக்குகிற பேச்சு. கெஞ்சலும் அதட்டலும் ஒரே மூச்சில் வரும். இந்த இரண்டும் பிடித்துவிட்டால் அந்த 20 நிமிடத்துக்குப் போங்கள். பிடிக்கவில்லையென்றால் அதைத் தொடாமலே விட்டாலும் குற்றமில்லை.

கோரிப்பாளையம் ராஜா

நல்லா எழுதியிருக்கீங்க தலைவரே. ஒரு விஷயம் விட்டுட்டீங்க. லண்டனில் மேடையேறி உலகமே எழுந்து நின்று கைதட்டிய சிம்பொனி இதுதானே? பேரிலேயே 'இன் சிம்பொனி' என்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் புதுசாகக் கேட்கிறவனுக்கு இதன் கனம் தெரியும்.

பாடற்குழு அந்தோணி

ராஜா, லண்டன் வேறு, இது வேறு. லண்டனில் 2025 மார்ச் 8 அன்று ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது 'வேலியன்ட்' என்ற அவருடைய சிம்பொனி. இது அதற்கு இருபது வருடம் முந்தியது.

பேரில் சிம்பொனி என்று இருப்பது உண்மைதான். அது ஒருவிதத்தில் கேட்கிறவரைத் திசைதிருப்புகிறது என்பேன். சிம்பொனியில் வாத்தியங்கள்தான் கதை சொல்லும். இதில் சொற்கள்தான் முதுகெலும்பு. ஒருவர் தனியாகப் பாடுவார், பெரிய குழு பதில் சொல்லும், வாத்தியங்கள் பின்னாலிருந்து தாங்கும். நாங்கள் கோயிலில் வேத வசனங்களை வைத்துப் பாடுகிற பெரிய உருப்படிகள் இந்த வகைதான், ஒரட்டோரியோ என்போம். இந்த ஆல்பத்தையும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு.

பேரை விடுங்கள். கேட்கும்போது எதைப் பின்தொடர்வது என்பதுதான் இதில் விஷயம். வாத்தியத்தைப் பின்தொடர்ந்தால் களைத்துப்போவீர்கள். வாத்தியத்தை விட்டுவிட்டு, யார் பாடுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒற்றை ஆளா, கூட்டமா? கூட்டம் வந்து மூடியதும் அந்த ஒற்றை ஆள் என்ன ஆனார்? 20 நிமிடப் பாட்டையும் இப்படிக் கேட்டால் ஒரு நாடகம் பார்த்த மாதிரி போய்விடும்.

கோரிப்பாளையம் ராஜா

அண்ணே, பேரு எதுவா இருந்தா என்ன, ராஜா சார் பண்ணினது எல்லாம் நமக்கு சிம்பொனிதான். 🔥

சொக்கநாதன் (ஓய்வு)

தமிழாசிரியனாக இருந்தவன் என்பதால் சொல் பக்கம் மட்டும் பேசுகிறேன். இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த 20 நிமிடப் பாட்டு பலருக்குப் பிடிபடாததற்கு நீளம் மட்டும் காரணமில்லை. அது தொடங்கும் இடத்தைப் பாருங்கள். சிவபுராணம் 95 அடி. நம்மூரில் தினமும் சொல்கிறவர்கள் 'நமச்சிவாய வாஅழ்க' என்றுதான் தொடங்குவார்கள். பாட்டு தொடங்குவதோ 'பொல்லா வினையேன் புகழுமாறு ஒன்றறியேன்' என்று. அது 25ஆம் அடி. அதுவும் ஒரு வாக்கியத்தின் நடுப்பகுதி. முந்தைய அடி 'எல்லை இலாதானே நின்பெருஞ்சீர்' என்று முடிகிறது. உன் பெரும் புகழைப் பொல்லாத வினையுடைய நான் எப்படிப் புகழ்வதென்று அறியேன் என்பது முழுச் செய்தி. இசையமைப்பாளர் 'உன் பெரும் புகழ்' என்பதை விட்டுவிட்டு 'நான் பொல்லாதவன்' என்ற இடத்தில் கதவைத் திறக்கிறார். கோயிலில் சொல்லும்போது வாழ்த்தாகத் தொடங்கும் நூல், இங்கே ஒரு வாக்குமூலமாகத் தொடங்குகிறது. பாட்டின் மனநிலையே அந்த ஒரு வெட்டில் மாறிவிடுகிறது. மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு முதலில் தடுக்கும், தெரியாதவர்களுக்கு நேராக உள்ளே இறங்கும்.

அடுத்து வருவது எல்லாருக்கும் தெரிந்த பட்டியல்:

புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்

இதைப் புத்தகத்தில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கேளுங்கள். மெட்டுக்காகச் சொற்கள் சில இடங்களில் நீளும், சில இடங்களில் உடையும். கண்ணால் முன்பே பார்த்திருந்தால் காது தானாகச் சேர்த்துக்கொள்ளும். பார்க்காமல் கேட்டால் 'பல்விருகம்' என்பது என்னவென்று யோசிப்பதற்குள் பாம்பு போய்விடும். பல வகை மிருகம், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலைப் படிக்கிறவர்கள் பொதுவாக ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புல், பூடு, புழு, மரம், விலங்கு, பறவை, பாம்பு என்று வந்து, பிறகு கல். கல்லுக்கு அடுத்துதான் மனிதன். மனிதனுக்கு அடுத்துப் பேய். மனிதப் பிறவி உச்சியில் இல்லை, வழியில் ஒரு நிறுத்தமாக நிற்கிறது. பட்டியல் தேவர் வரை போய், 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்' என்று முடிகிறது. அந்த 'இளைத்தேன்' வரும்போது கேட்கிறவருக்கும் கொஞ்சம் இளைப்பு வரவேண்டும். நீளத்துக்கு அது ஒரு நியாயம் என்று நினைக்கிறேன். நாலு நிமிடத்தில் முடித்திருந்தால் அந்தக் களைப்பு வந்திருக்காது.

மேலூர் மலர்

வணக்கம். எல்லாரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு சின்ன உதவி. அடுத்த மாதம் புது வீடு பால் காய்ச்சுகிறோம். காலையில் போட இந்த ஆல்பத்திலிருந்து ஒன்று எடுக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். மூன்றாவது பாட்டு கேட்டேன், 'பூவார் சென்னி மன்னன்'. நல்ல விறுவிறுப்பு, நிறைய பேர் சேர்ந்து பாடுகிறார்கள், பூ என்று மங்கலமாகவும் தொடங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளட்டுமா?

சொக்கநாதன் (ஓய்வு)

அம்மா, தயவுசெய்து வேண்டாம். அது யாத்திரைப்பத்து. யாத்திரை என்றால் இராமேசுவரம் யாத்திரை இல்லை. 'போவோம் காலம் வந்ததுகாண் பொய்விட்டு உடையான் கழல்புகவே' என்று முடிகிறது. இந்தப் பொய்யான வாழ்வை விட்டுப் புறப்படுவோம், நேரம் வந்துவிட்டது என்று கூட்டாளிகளைக் கூப்பிடும் பாட்டு. புது வீட்டில் அடுப்பில் பால் பொங்கும்போது 'கிளம்புவோம் வாருங்கள்' என்று பாடினால், தமிழ் தெரிந்த பெரியவர் யாராவது முகம் சுளிப்பார்.

ஐந்தாவதைப் போடுங்கள். 'முத்துநல் தாமம் பூமாலை தூக்கி, முளைக்குடம் தூபம் நல்தீபம் வைம்மின்'. முத்துமாலையும் பூமாலையும் தொங்கவிடுங்கள், முளைப்பாலிகைக் குடமும் தூபமும் விளக்கும் வையுங்கள் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் வேலை சொல்லிக்கொள்கிற பாட்டு. சாமிக்கு வாசனைப் பொடி இடிக்கிறார்கள், 'ஆடப் பொற்சுண்ணம் இடித்தும் நாமே' என்று. வீட்டு விசேஷத்துக்கென்றே எழுதியது போல இருக்கும்.

வைகைக்கரை

மலர் அக்கா கேட்டது நல்ல கேள்வி. மூன்றாவது பாட்டைப் பற்றி நான் எழுதாமல் விட்டதற்குக் காரணமே அந்த முரண்தான். சொல் தெரியாதவர் திருவிழாப் பாட்டு என்று நினைப்பார். தெரிந்தவருக்கு, சாவை நோக்கி இவ்வளவு உற்சாகமாக ஒரு கூட்டம் நடக்கிறதே என்று இருக்கும். எனக்கு ஆல்பத்தில் மிகவும் பிடித்தது அதுதான். சோகமாக மெட்டுப் போட்டிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். மாணிக்கவாசகரும் அந்தப் பதிகத்தில் அழவில்லை, அவசரப்படுகிறார். மெட்டு அந்த அவசரத்தைப் பிடித்திருக்கிறது.

பழைய கேசட்

எனக்கு ஒரே குறை. ஆங்கிலம் எதற்கு? 'பொல்லா வினையேன்' பாட்டில் மனம் உருகி உட்கார்ந்திருக்கும்போது அந்த வரிகள் வந்து எழுப்பிவிடுகின்றன. மீனாட்சியம்மன் கோயிலில் ஓதுவார் மோகனத்தில் ஓதும்போது இப்படி ஒரு இடைஞ்சல் உண்டா? பாட்டியோடு சின்ன வயசில் புட்டுத் திருவிழாவுக்குப் போய் வந்த காது இது. புட்டுத்தோப்புக்கு சாமி வருவார், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருவார். அந்த ஊர்க்காரனுக்கு 'கலிமதுரை மண்சுமந்து கூலிகொண்டு' என்ற அம்மானைப் பாட்டு இல்லாத திருவாசக ஆல்பம் ஒரு ஏமாற்றம்தான். 51 பகுதியில் ஆறைத்தான் எடுத்தார்கள். அதில் நம்மூருக்கு ஒன்றுமில்லை.

பாடற்குழு அந்தோணி

ஆங்கில வரிகளைப் பற்றி நானும் நிறைய யோசித்திருக்கிறேன். எனக்கு அவை வேண்டும். கேசட் அண்ணன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

அது வரிக்கு வரி மொழிபெயர்ப்பு இல்லை. தமிழில் ஒருவர் அறிக்கையிடுகிறார், ஆங்கிலத்தில் இன்னொருவர் தன் பங்குக்கு அறிக்கையிடுகிறார். நான் வெறும் மனிதன், குறையுள்ளவன், தாழ்ந்தவன், புனிதமான ஒன்றை எப்படி எட்டுவேன் என்று கேட்கிறார். அந்த முதல் இடம் சரியாகப் பொருந்துகிறது. 'பொல்லா வினையேன்' என்ற குரல் இந்த ஊரோடு நிற்கவில்லை என்று காட்டுகிறது. சிக்கல் பட்டியல் வரும் இடத்தில்தான். தமிழில் புல், பூடு, புழு என்று ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆங்கிலம் அதை, எத்தனையோ வடிவங்கள் எடுத்தேன், எத்தனையோ பிறவிகள் என்று சுருக்கிவிடுகிறது. புழுவும் இல்லை, பாம்பும் இல்லை. நீங்கள் எழுந்துவிடும் இடம் அதுவாக இருக்கலாம். மொழி மாறியதைவிட, கையில் பிடிக்க ஒரு பொருள் இல்லாமல் போனதுதான் உறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய கேசட்

இல்லை தம்பி. எனக்கு மொழிதான் உறுத்துகிறது.

ரேடியோசெட் சரவணன்

யாரும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லையே. உசிலம்பட்டிப் பக்கம் விசேஷங்களுக்கு செட் போடுகிறவன் நான். இந்த ஆல்பம் எனக்குக் கொடுத்த தலைவலியைச் சொல்கிறேன், மலர் அக்காவுக்கும் உதவும்.

சினிமாப் பாட்டு முதல் வினாடியிலிருந்து கடைசி வினாடி வரை ஏறக்குறைய ஒரே சத்தத்தில் இருக்கும். அப்படித்தான் செய்து கொடுக்கிறார்கள், டீக்கடை ரேடியோவிலும் கேட்கவேண்டும் அல்லவா? இது அப்படி இல்லை. மெல்லிய இடம் உண்மையிலேயே மெல்லியது, கூட்டம் சேரும் இடம் உண்மையிலேயே பெரியது. ஒரு கோயில் விசேஷத்தில் 'பொல்லா வினையேன்' போட்டேன். ஆரம்பம் கேட்கவில்லை என்று விழாக்காரர் சத்தம் போட்டார். வால்யூமை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் மொத்தக் குழுவும் வாத்தியமும் சேர்ந்து எழுந்தது பாருங்கள், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டு நிமிர்ந்துவிட்டார்கள். குறைத்தேன், மறுபடி ஆள் குரல் காணோம். பாட்டு முழுக்க இதே வேலை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் பாட்டை ஓட்டி, எல்லாரும் சேர்ந்து உரக்கப் பாடுகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் காதுக்கு உறுத்தாத அளவில் வால்யூமை வைத்துவிட்டுப் பிறகு முதலிலிருந்து போடுங்கள். மெல்லிய இடம் மெல்லியதாகவே போகட்டும், கையை வைக்காதீர்கள். வீட்டில் ஃபேன் சத்தம் இல்லாமல் கேட்டால் அந்த மெல்லிய இடத்திலும் நிறைய நடப்பது தெரியும். பஸ்ஸில் கேட்கவே கேட்காதீர்கள். இன்ஜின் சத்தத்தில் பாதிப் பாட்டு முழுகிவிடும், ஆல்பம் மோசம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

குழாய் ஸ்பீக்கருக்கு இது ஆகவே ஆகாது. குழாயில் அடிச்சத்தம் வராது. பெரிய வயலின் வகைகள் எல்லாம் அடியில்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவை போய்விட்டால் குரலும் கீச்சென்ற வயலினும் மட்டும் மிஞ்சும். மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு போதும்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஃபைலை நம்பாதீர்கள். பல தடவை சுருக்கியதாக இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். நிறைய பேர் சேர்ந்து பாடும் இடத்தில் சொல் தெளியாமல் தண்ணீர் சலசலப்பது போல ஒரு சத்தம் வரும். ஒற்றைக் குரலில் அது தெரியாது, அதனால் ஆரம்பத்தை மட்டும் கேட்டு ஏமாந்துவிடுவீர்கள். காசு கொடுத்து வாங்கிய சிடி யாரிடமாவது இருந்தால் அதிலிருந்து எடுங்கள்.

வைகைக்கரை

சரவணன் சொன்னது ஒரு விமர்சனத்துக்கே சமம். நான் கவனித்த ஒன்றையும் சேர்க்கிறேன். வாத்தியங்கள் எவ்வளவு பெரிதாக எழுந்தாலும், ராஜா தனியாகப் பாடும்போது குரல் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பயிற்சி பெற்ற பெரிய குரல் இல்லை அது. கொஞ்சம் கரகரக்கும், உச்சியில் சிரமப்படுவது தெரியும். அத்தனை வாத்தியக்காரர்களுக்கு முன்னால் ஒரு கிராமத்து மனிதர் தனியாக நின்று 'பொல்லா வினையேன்' என்கிற மாதிரி இருக்கிறது. வேறு நல்ல குரலைப் பாட வைத்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நல்ல குரல் பாடியிருந்தால் 'பொல்லா வினையேன்' என்பதை நான் நம்பியிருக்கமாட்டேன்.

சொக்கநாதன் (ஓய்வு)

அதில் எனக்கு உடன்பாடில்லை. பக்தி குரலின் குறையிலிருந்துதான் வரவேண்டுமா? ஓதுவார்கள் நல்ல குரலோடுதான் பாடுகிறார்கள், கேட்கிறவர்கள் அழுகிறார்கள். உங்களுக்கு அவர் மேல் இருக்கும் பாசம் அப்படிக் கேட்க வைக்கிறது என்று நினைக்கிறேன். தவறில்லை. ஆனால் புதிதாகக் கேட்கிறவரிடம் அதைப் பாட்டின் குணம் என்று சொல்லாதீர்கள்.

கோரிப்பாளையம் ராஜா

ஐயா, பாசம் இல்லாம எப்படி ஐயா பாட்டு கேட்கிறது?

மேலூர் மலர்

எல்லாருக்கும் நன்றி. ஐந்தாவது பாட்டையே முடிவு செய்தாயிற்று. மாமியாரிடம் போட்டுக் காட்டினேன். அவர் திருவாதவூரில் முற்றோதலுக்குப் போகிறவர், முழுதும் மனப்பாடம். மெட்டு புதுசாக இருக்கிறது என்று முதலில் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது தடவை போட்டதும் கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மெட்டு ஒரு பக்கம் போகிறது, அவர் ஒரு பக்கம் போகிறார்!

சரவணன் தம்பி, மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, அரை நாள் வாடகை எவ்வளவு ஆகும்? மேலூர் வரை வருவீர்களா?

ரேடியோசெட் சரவணன்

வருவேன் அக்கா. உசிலம்பட்டியிலிருந்து மேலூர் என்பதால் வண்டிச் செலவு தனி. தனிச்செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். மாமியாருக்கு ஒரு மைக் வேண்டுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.